எக்சிஃப் திசைக் குறி: கைப்பேசிப் படம் சாய்ந்து வெட்டப்படுவது ஏன்?

எக்சிஃப் திசைக் குறி என்பது ஒரு நிழற்படக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்படும் சிறிய எண். கோப்பில் உள்ள படத்தை எந்தப் பக்கமாகத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதை இது தெரிவிக்கிறது. மென்பொருள்களில் இது `Orientation` என்ற பெயரில் தென்படும். இதன் மதிப்பு 1 முதல் 8 வரை இருக்கலாம். கைப்பேசியில் நேராகத் தெரியும் ஒரு படம் வேறொரு நிரலில் பக்கவாட்டில் சாய்ந்து தெரிவதற்கும், முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு வெட்டினால் தோளும் சுவரும் வெட்டுப்பட்டு வருவதற்கும் பெரும்பாலும் இந்த எண்ணே காரணம். படம் கெட்டுப்போயிருப்பதில்லை. ஒரு நிரல் இந்த எண்ணைப் படிக்கிறது, மற்றொன்று படிப்பதில்லை. படிக்காமல் விடுவதற்கான அனுமதி, இந்த எண் தோன்றிய தரநிலையிலேயே இருந்தது.

## சென்சார் திரும்புவதில்லை

கேமராவின் ஒளி உணரும் சில்லான சென்சார் உடலோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது. அதிலிருந்து பிக்சல்கள் எப்போதும் ஒரே வரிசையில், ஒரு குறிப்பிட்ட மூலையில் தொடங்கி வரிவரியாகப் படிக்கப்படுகின்றன. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்கவைத்துப் பிடித்தாலும் இந்த வரிசை மாறாது.

பல கைப்பேசிகளில் சென்சாரின் நீண்ட பக்கம் கைப்பேசியின் நீண்ட பக்கத்தோடு ஒத்திருக்கும். 2015 முதல் பல ஐபோன்களில் வந்த 12 மெகாபிக்சல் கேமரா 4032 பிக்சல் அகலமும் 3024 பிக்சல் உயரமும் கொண்ட படத்தைத் தருகிறது. ஐபோனைப் படுக்கவைத்து, முகப்புப் பொத்தான் வலப்பக்கம் வருமாறு பிடித்தால் சென்சாரின் முதல் வரி காட்சியின் மேற்பக்கமாக அமையும். கோப்பில் குறியின் மதிப்பு 1 என எழுதப்படும். அதே ஐபோனை நிமிர்த்திப் பிடித்தால் சென்சாரின் முதல் வரி காட்சியின் வலப்பக்கத்துக்குப் போய்விடுகிறது. பிக்சல்கள் அப்போதும் 4032 × 3024 என்ற படுத்த வடிவிலேயே சேமிக்கப்படுகின்றன. குறியின் மதிப்பு மட்டும் 6 ஆகிறது. ‘காட்டும்போது கடிகாரத் திசையில் 90 பாகை திருப்பவும்’ என்பதே 6 இன் பொருள்.

எட்டு மதிப்புகளில் அன்றாடம் காணப்படுபவை நான்கு. 1 என்றால் திருப்ப வேண்டாம். 3 என்றால் 180 பாகை திருப்ப வேண்டும். 6 என்றால் கடிகாரத் திசையில் 90 பாகை. 8 என்றால் அதற்கு எதிர்த்திசையில் 90 பாகை. மற்ற நான்கான 2, 4, 5, 7 ஆகியவை கண்ணாடி பிம்பம்போல் இடம்வலம் மாறிய படங்களுக்கானவை.

## டிஃப் கோப்பில் பிறந்த எண்

இந்த எண் கைப்பேசிக்காகவோ டிஜிட்டல் கேமராவுக்காகவோ உருவாக்கப்பட்டதல்ல. ஆல்டஸ் நிறுவனம் 1980களில் வெளியிட்ட டிஃப் என்னும் படக் கோப்பு வடிவத்தில் இது இருந்தது. டிஃப் அப்போது முக்கியமாக ஸ்கேனர்களுக்கும் அச்சுப் பக்க வடிவமைப்புக்கும் பயன்பட்டது. டிஃப் கோப்பில் படத்தைப் பற்றிய ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு. திசைக்கான எண் 274. அதே எண்ணைக் கணினித் துறையினர் பதினாறடிமான எண்முறையில் `0x0112` என எழுதுவர்.

1992 இல் வெளியான டிஃப் 6.0 தரநிலை எட்டு மதிப்புகளையும் விளக்குகிறது. அதோடு, 1 தவிர்ந்த மதிப்புகளை ஆதரிப்பது அடிப்படை டிஃப் நிரல்களுக்குக் கட்டாயமில்லை என்றும் சொல்கிறது. எழுதுபவர் 6 என்று எழுதலாம். படிப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். இருவரும் தரநிலைக்கு உட்பட்டே நடந்துகொண்டவர்கள். ஸ்கேனரில் தாளை நேராக வைத்து எடுத்த காலத்தில் பெரும்பாலான படங்களின் மதிப்பு 1 ஆகவே இருந்தால் போதும் என்பதால் இந்தத் தளர்வு பெரிதாகத் தெரியவில்லை.

## ஜேபெக்கில் இல்லாததை எக்சிஃப் சேர்த்தது

அதே 1992 இல் ஜேபெக் தரநிலை ஏற்கப்பட்டது. பிக்சல்களை எப்படிச் சுருக்குவது, விரிப்பது என்பதே அதன் பொருள். படத்தின் மேற்பக்கம் எது என்று சொல்ல அதில் இடமில்லை. ஜேபெக் தரவைக் கோப்பாகப் பரிமாற எழுந்த ஜேஃபிஃப் வடிவத்திலும் திசைக்கான இடமில்லை. அதனால் ஒரு ஜேபெக் விரிப்பான், தன் தரநிலைப்படி முழுச் சரியாக இயங்கினாலும், திசையைப் பற்றி எதுவும் அறியாது.

ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கமான ஜெய்டா 1995 இல் எக்சிஃப் தரநிலையின் முதல் பதிப்பை உருவாக்கியது. படம் எடுத்த நேரம், ஒளிபுகு நேரம், லென்சின் திறப்பு போன்ற விவரங்களை டிஜிட்டல் கேமராக்கள் ஒரே முறையில் எழுத வேண்டும் என்பதே நோக்கம். இந்த விவரங்களை அடுக்கப் புதிய முறை எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. டிஃப் கோப்பின் அமைப்பையே எடுத்து, ஜேபெக் கோப்பின் தொடக்கத்தில் `APP1` எனப்படும் துண்டுக்குள் பொதிந்துவைத்தது. அப்படியே 274 ஆம் எண்ணும் அதன் எட்டு மதிப்புகளும் கேமராப் படத்துக்குள் வந்து சேர்ந்தன.

`APP1` துண்டைப் புரிந்துகொள்ளாத நிரல் அதைத் தாண்டிச் செல்லலாம் என்பது ஜேபெக்கின் விதி. ஆகவே திசைக் குறி இரண்டு தளர்வுகளோடு பயணித்தது. டிஃபில் அதை மதிப்பது கட்டாயமில்லை. ஜேபெக்கில் அது இருக்கும் துண்டைத் திறப்பதே கட்டாயமில்லை.

## கேமரா தானே ஏன் திருப்பவில்லை?

பிக்சல்களையே திருப்பிச் சேமித்துவிட்டால் சிக்கலே எழாது. ஆனால் அதற்கு வேலை அதிகம். 4032 × 3024 அளவில் சுமார் 1.22 கோடி பிக்சல்கள் உள்ளன. ஒன்றுக்கு மூன்று பைட் என்றால் சுமார் 3.66 கோடி பைட்டுகளை இடம் மாற்ற வேண்டும். சென்சாரிலிருந்து வரிவரியாக வருவதை உடனுக்குடன் சுருக்கிக்கொண்டே போவது எளிது. 90 பாகை திருப்ப வேண்டுமென்றால், பல வரிகள் வந்து நினைவகத்தில் சேரும்வரை காத்திருக்க வேண்டும். திசைக் குறியோ வெறும் இரண்டு பைட். நினைவகமும் மின்கலமும் குறைவாக இருந்த கேமராக்களுக்கு அந்த இரண்டு பைட்டை எழுதுவது எளிய வழியாக அமைந்தது.

எடுத்த பிறகு திருப்புவதிலும் ஒரு தயக்கம் இருந்தது. ஜேபெக் படத்தை விரித்துத் திருப்பி மறுபடி சுருக்கினால் தரம் கொஞ்சம் இழக்கப்படும். இழப்பின்றித் திருப்பவும் வழி உண்டு. ஜேபெக் படம் சிறு சதுரக் கட்டங்களாகச் சுருக்கப்படுவதால், `jpegtran` போன்ற நிரல்கள் கட்டங்களை விரிக்காமலேயே இடம் மாற்றி அடுக்குகின்றன. படத்தின் அகலமும் உயரமும் கட்ட அளவால், அதாவது 8 அல்லது 16 ஆல், மீதியின்றி வகுபட்டால் மட்டுமே இது முழுமையாக நடக்கும். 4032, 3024 இரண்டும் 16 ஆல் வகுபடுகின்றன. வகுபடாத அளவுகளில் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை இடம் மாற்ற முடியாமல் எஞ்சிவிடும்.

## கைப்பேசிக் காலம்

தொடக்ககால டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றுக்குத் தாம் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறோம் என்று தெரியாது. அவை 1 என்றே எழுதின. செங்குத்தாக எடுத்த படத்தைப் பயனரே கணினியில் திருப்பிக்கொண்டார். எல்லா நிரல்களிலும் படம் ஒரே மாதிரி சாய்ந்திருந்ததால் குழப்பம் இல்லை.

2007 இல் வந்த முதல் ஐபோனில் புவியீர்ப்பின் திசையை உணரும் முடுக்கமானி இருந்தது. இத்தகைய கைப்பேசிகள் பரவியபோது இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நிகழ்ந்தன. கேமரா தன் நிலையை அறிந்து குறியைச் சரியாக எழுதத் தொடங்கியது. மக்களோ கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தே பெரும்பாலும் படம் எடுத்தார்கள். அரிதாகத் தேவைப்பட்ட 6 என்ற மதிப்பு அன்றாட மதிப்பாகியது. குறியை மதிக்காத ஒவ்வொரு நிரலும் அப்போதுதான் வெளிப்பட்டது. விண்டோஸ் 7 இன் படம் காட்டும் நிரல் குறியைப் பொருட்படுத்தவில்லை. 2012 இல் வந்த விண்டோஸ் 8 மதித்தது. கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றிய படம் சாய்ந்துவிட்டது என்ற குறை அந்த ஆண்டுகளில் பரவலாக எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாக் கைப்பேசிகளும் ஒரே வழியைப் பின்பற்றுவதும் இல்லை. ஆண்ட்ராய்டின் கேமரா விதிகள், திசையைக் குறியில் எழுதவோ பிக்சல்களையே திருப்பிச் சேமிக்கவோ தயாரிப்பாளருக்கு இடம் தருகின்றன. ஒரே வலைத்தளத்தில் ஒருவரின் படம் நேராகவும் இன்னொருவரின் படம் சாய்ந்தும் ஏறுவது இதனால்தான்.

## உலாவிகள் மாறிய 2020

வலை உலாவிகள் நீண்டகாலம் பாதி வழியில் நின்றன. படக் கோப்பைத் தனியாகத் திறந்தால் குறியை மதித்துத் திருப்பிக் காட்டிய உலாவி, அதே படம் ஒரு பக்கத்துக்குள் வைக்கப்பட்டிருந்தால் திருப்பாமல் காட்டியது. பழைய பக்கங்கள் பல, படம் திரும்பாது என்று எண்ணித் தாமே நிரல் எழுதித் திருப்பியிருந்தன. உலாவி திடீரென மாறினால் அவை குலைந்துவிடும்.

2013 இல் பயர்பாக்ஸ் 26, `image-orientation: from-image` என்று பக்கத்தை எழுதுபவர் கேட்டால் மட்டும் திருப்பும் வசதியைத் தந்தது. பின்னர் இதுவே இயல்புநிலை ஆக வேண்டும் என்று தரநிலை மாற்றப்பட்டது. 2020 இல் குரோம் 81, பயர்பாக்ஸ் 77 ஆகியவை கேட்காமலேயே திருப்பத் தொடங்கின. சஃபாரியும் அதே ஆண்டில் இம்முறைக்கு வந்தது.

கண்ணுக்குத் தெரிந்த சாய்வு இதனால் பெருமளவு மறைந்தது. ஆனால் சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்தது. முன்பு உலாவியும் சர்வரும் இரண்டுமே குறியைப் புறக்கணித்ததால் குறைந்தது ஒரே படத்தைப் பார்த்தன. இப்போது உலாவி நேரான படத்தைக் காட்டுகிறது. பின்னால் உள்ள சர்வர் நிரல் இன்னும் படுத்த பிக்சல்களையே பார்க்கக்கூடும்.

## ஒரு வெட்டு தவறும் விதம்

விண்ணப்பப் படிவத்தில் முகப் படம் ஏற்றும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஐபோனை நிமிர்த்தி எடுத்த படம் கோப்பில் 4032 × 3024, குறி 6. உலாவி அதைத் திருப்பி 3024 அகலம், 4032 உயரம் என நேராகக் காட்டுகிறது. மாணவர் முகத்தைச் சுற்றி 1200 × 1200 அளவில் ஒரு சதுரம் போடுகிறார். அதன் இட ஓரம் 900, மேல் ஓரம் 600. வல ஓரம் 2100, கீழ் ஓரம் 1800. இந்த நான்கு எண்கள் மட்டும் சர்வருக்குப் போகின்றன.

சர்வரில் பைத்தான் மொழியின் பில்லோ நூலகம் உள்ளது என்க. அதில் `Image.open` கோப்பைத் திறக்கும்போது குறியைக் கொண்டு படத்தைத் திருப்புவதில்லை. எனவே நிரல் படுத்த 4032 × 3024 படத்திலேயே இடமிருந்து 900, மேலிருந்து 600 என எண்ணி வெட்டுகிறது.

முகம் உண்மையில் இருப்பது வேறிடத்தில். மதிப்பு 6 எனில், திரையில் மேலிருந்து எண்ணும் தொலைவு கோப்பில் இடமிருந்து எண்ணும் தொலைவாகிறது. திரையில் வலமிருந்து எண்ணும் தொலைவு கோப்பில் மேலிருந்து எண்ணுவதாகிறது. ஆகவே கோப்பில் முகத்தின் இட ஓரம் 600, வல ஓரம் 1800. மேல் ஓரம் 3024 − 2100 = 924. கீழ் ஓரம் 3024 − 900 = 2124. சர்வர் வெட்டியதோ 900 முதல் 2100 வரை, 600 முதல் 1800 வரை. நேரான படத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால், அந்த வெட்டு முகத்திலிருந்து 324 பிக்சல் வலமாகவும் 300 பிக்சல் கீழாகவும் விலகியிருக்கிறது. வெளிவரும் படத்தில் நெற்றியும் ஒரு பக்கக் கன்னமும் அறுபட்டு, கழுத்துப்புறம் மிகுதியாக வந்து, எல்லாமே பக்கவாட்டில் சாய்ந்திருக்கும்.

வெட்டும் சதுரம் படத்தின் அடிப்பகுதியில் இருந்தால் விளைவு இன்னும் விசித்திரமாகும். திரையில் மேலிருந்து 3100 என்ற இடம் நேரான படத்தில் உண்டு. படுத்த படத்தின் உயரமோ 3024 தான். படத்துக்கு வெளியே வெட்டச் சொன்னாலும் பில்லோ பிழை காட்டாது. அந்த இடத்தைக் கறுப்பாக நிரப்பித் தரும். காரணம் தெரியாமல் வரும் கறுப்புச் சதுரங்களுக்கு இது ஒரு விளக்கம்.

திருத்தம் ஒரே வரி. 2019 இல் வந்த பில்லோ 6.0 பதிப்பில் இதற்கென ஒரு கட்டளை சேர்க்கப்பட்டது:

```
from PIL import Image, ImageOps

img = Image.open("photo.jpg")
img = ImageOps.exif_transpose(img)
face = img.crop((900, 600, 2100, 1800))
```

இரண்டாம் கட்டளை குறியைப் படித்துப் பிக்சல்களைத் திருப்பி, பிறகு குறியை நீக்கிவிடுகிறது. வரிசை முக்கியம். முதலில் திருப்ப வேண்டும், பிறகே வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு திருப்பினால் முகம் நிமிரும். ஆனால் வெட்டிய இடம் தவறாகவே இருக்கும்.

## சாய்வைப் பார்த்துக் காரணம் அறிதல்

ஒரு கோப்பின் குறியை `exiftool` நிரல் கொண்டு பார்க்கலாம்:

```
exiftool -Orientation -n photo.jpg
```

கோப்பு கையில் இல்லாதபோதும், நிமிர்த்தி எடுத்த ஐபோன் படமெனில் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டும். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தால் 6 என்ற குறியை யாரும் படிக்கவில்லை, அல்லது குறி கோப்பிலிருந்து அழிந்துவிட்டது. தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தால் படம் இருமுறை திருப்பப்பட்டிருக்கிறது. ஒரு நிரல் பிக்சல்களைத் திருப்பிவிட்டு 6 என்ற குறியை 1 ஆக மாற்ற மறந்தால், அடுத்த நிரல் அதை நம்பி மீண்டும் 90 பாகை திருப்பிவிடும். 2020 க்கு முன் தாமே படத்தைத் திருப்பிய பழைய வலைப்பக்கங்கள், உலாவிகள் மாறியபின் இந்த இரட்டைத் திருப்பத்தில்தான் சிக்கின.

குறி அழிவதற்கு நல்ல நோக்கமும் காரணமாகலாம். படம் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரமும் எக்சிஃப் துண்டில்தான் இருக்கிறது. பயனரின் இருப்பிடம் வெளியாகாமலிருக்கச் சில தளங்கள் அந்தத் துண்டை முழுவதுமாக நீக்குகின்றன. அதோடு திசையும் போய்விடுகிறது. அதன்பின் அந்தக் கோப்பைப் பார்த்து மேற்பக்கம் எது என்று எந்த விரிப்பானாலும் சொல்ல முடியாது. எக்சிஃப் துண்டை நீக்கும் முன்பே பிக்சல்களைத் திருப்பிவிடுவது இந்த இழப்பைத் தவிர்க்கும்.

## புதிய வடிவமும் எஞ்சிய எல்லையும்

2017 முதல் ஐபோன்கள் பயன்படுத்தும் ஹெய்க் கோப்புகளில் திருப்பம் கோப்பு வடிவத்தின் பகுதியாகவே உள்ளது. `irot` என்ற பண்பு அதைச் சொல்கிறது. படத்தை விரிக்கும் நிரல் அதன்படி திருப்பியே தர வேண்டும். எக்சிஃப் குறி அங்கே படத்தைத் திருப்பப் பயன்படக்கூடாது. 1992 இன் தளர்வு இங்கே மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஹெய்க் படத்தை ஜேபெக்காக மாற்றும் நிரல், திருப்பிய பிக்சல்களோடு பழைய எக்சிஃப் குறியையும் அப்படியே நகலெடுத்தால் இரட்டைத் திருப்பம் மறுபடி வந்துவிடும்.

குறி எப்போதும் உண்மையைச் சொல்வதும் இல்லை. மேசைமேல் சான்றிதழை வைத்து, கைப்பேசியை அதற்கு மேலே தரைக்கு இணையாகப் பிடித்து எடுக்கும்போது புவியீர்ப்பு கைப்பேசியின் முதுகுப்புறம் நோக்கி இழுக்கிறது. கைப்பேசியின் மேற்பக்கம் எது என்று முடுக்கமானியால் அப்போது பிரித்தறிய முடியாது. சற்றுமுன் இருந்த நிலையே குறியில் பதிவாகிவிடலாம். இத்தகைய படத்தில் எல்லா நிரல்களும் குறியைச் சரியாகப் படித்தாலும் எழுத்துகள் சாய்ந்தே தெரியும். எல்லா நிரல்களிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் தவறு எழுதப்பட்ட குறியில் இருக்கிறது. ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் சாய்ந்தும் தெரிந்தால் தவறு படிக்கும் நிரலில் இருக்கிறது.